இரவில் வைக்கும் மாத்திரையும் காலையில் காணும் வெண்மையும்

புவனகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயாருக்குப் பூஞ்சைத் தொற்று என்று அறியப்பட்டு, 100 மில்லிகிராம் க்ளோட்ரிமசோல் மாத்திரைகள் ஆறு, இரவுக்கு ஒன்றாகப் பிறப்புறுப்பினுள் வைத்துக்கொள்ளக் கொடுக்கப்பட்டன. மூன்றாம் நாள் காலை உள்ளாடையில் வெண்ணிறத் துணுக்குகளைக் கண்ட அவர், மருந்து முழுவதும் வெளியேறிவிட்டது என்று கருதினார். நண்பகலில் இன்னொன்றை வைத்தார். நடமாட்டத்தில் அதுவும் கரைந்து வழிந்தது. மருந்து தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி, மிஞ்சியிருந்த இரண்டையும் விட்டுவிட்டார். பத்து நாட்களுக்குப் பின் அதே அரிப்புடன் மீண்டும் வந்தார்.

அவர் கண்டது மருந்து வீணானதன் அடையாளம் அன்று. இம்மாத்திரையில் மருந்து ஒரு சிறு பங்குதான்; எஞ்சியது அதற்கு உருவம் தரும் மாவுப்பொருள். இரவு முழுவதும் யோனியின் ஈரத்தில் மாத்திரை கரைந்து, மருந்து உட்சுவரில் படிகிறது. மாவுப்பொருளே காலையில் வெண்மையாக வெளிவருகிறது. அதற்காக மற்றொரு மாத்திரை வைக்க வேண்டியதில்லை. மெல்லிய பஞ்சுத்துண்டு அணிந்து உறங்கினால் போதும். உள்ளே செருகும் பஞ்சு, மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் ஆகாது.

படுக்கும் வேளையில் வைக்கச் சொல்வதன் காரணமும் இதுவே. நின்றால் வழியும், படுத்திருந்தால் தங்கும். ஆனால் நம் வீடுகளில் படுக்கும் வேளை என்பது பாத்திரம் கழுவி, மாட்டுக்குத் தீவனம் வைத்து, கதவைத் தாழிட்ட பின்னரே வருகிறது. ஒன்பது மணிக்கு மாத்திரையை வைத்துவிட்டு மீண்டும் அடுக்களைக்கு எழுந்து செல்வதில் பயனில்லை. எல்லா வேலையும் முடிந்து, சிறுநீர் கழித்து வந்த பின்பே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழ நேர்ந்தாலும் அஞ்ச வேண்டாம். சிறுநீர் வெளிவரும் துவாரம் வேறு, மாத்திரை இருக்கும் பாதை வேறு.

மாத்திரையுடன் வரும் பிளாஸ்டிக் குழாயை அப்ளிகேட்டர் என்கிறோம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, குழாயின் உள்தண்டை அது நிற்குமிடம் வரை பின்னால் இழுங்கள். உறையிலிருந்து எடுத்த மாத்திரையைக் குழாயின் வாயில் பொருத்துங்கள். அது வறண்டிருந்து உறுத்தினால், ஓரிரு துளி தூய நீரில் நனைக்கலாம். எண்ணெய் தடவ வேண்டாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிச் சற்று அகற்றி, குழாயை முதுகுப்புறம் நோக்கிச் சாய்த்து, வலியின்றிச் செல்லும் ஆழம் வரை மெல்ல நுழையுங்கள். மூச்சை மெதுவாக வெளிவிட்டால் தசை இளகும். பிறகு தண்டை முழுவதும் தள்ளி, அந்நிலையிலேயே குழாயை வெளியே எடுங்கள். தண்டைத் தளர்த்திவிட்டு எடுத்தால் மாத்திரை குழாயோடு திரும்பி வரக்கூடும். முதல்முறை பலருக்கும் நேரும் தவறு இது. குழாயை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். கொதிநீரில் இட்டால் நெளிந்துவிடும்.

கருவுற்றிருப்போர் மருத்துவர் சொன்ன பின்னரே இதைப் பயன்படுத்த வேண்டும். குழாயின்றி, கழுவிய விரலால் வைப்பதே அவர்களுக்கு உகந்தது. இன்னொரு எச்சரிக்கை: பார்வைக்கு இது மற்ற மாத்திரைகளைப் போன்றே இருப்பதால், வாயில் இட்டு விழுங்கியவர்களும் உண்டு. வீட்டிலுள்ள மற்ற மருந்துகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

முதல் ஓரிரு இரவுகளில் இலேசான எரிச்சல் தோன்றலாம். அரிப்பு பொதுவாக மூன்று நாட்களுக்குள் தணியத் தொடங்கும். தணிந்ததும் நிறுத்திவிடுவதே பெரும்பாலும் நடப்பது. ஆனால் ஆறும் முடிய வேண்டும். ஓரிரவு மறந்தால், மறுநாள் இரவு ஒன்றே போதும், இரண்டு வேண்டாம். மாதவிடாய்க்கு முன்பே முடியும்படி நாளைக் கணக்கிட்டுத் தொடங்குவது நல்லது. இரத்தப்போக்கு மருந்தை அடித்துச் சென்றுவிடும். அந்நாட்களில் உடலுறவைத் தவிர்க்கவும். இம்மருந்து ஆணுறையின் இரப்பரை வலுவிழக்கச் செய்யும்.

ஒரு வாரத்திலும் குறையாவிட்டாலோ, எரிச்சல் கடுமையானாலோ மீண்டும் வாருங்கள். துர்நாற்றம், காய்ச்சல், அடிவயிற்று வலி, மாதவிடாயல்லாத இரத்தக்கசிவு ஆகியவை இருந்தால் வாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அவை வேறு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆறு மாதங்களில் இரண்டு முறைக்கு மேல் திரும்பினால் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாயாருக்கும் அவ்வாறே பார்க்கப்பட்டது. சர்க்கரை சரியாகவே இருந்தது. புதிதாக ஆறு மாத்திரைகளைப் பெற்று, ஆறு இரவுகளும் வைத்து முடித்தார். இம்முறை காலையில் கண்ட வெண்மையைத் துடைத்துவிட்டு வயலுக்குச் சென்றார்.