பதுளைச் சிங்களம் எர்கேட்டிவ் மொழியா?

நம்பிக்கை: "மகே அதின் கோப்பெ பிந்துணா" என்று சிங்களத்தில் சொல்கிறார்கள். கோப்பையை உடைத்தவருக்குத் தனி உருபு வருகிறது. ஆகவே சிங்களம் எர்கேட்டிவ் மொழி.

உண்மை: இல்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் இரண்டு மொழியும் பேசி வளர்ந்தவர்கள் இதை எளிதாகச் சோதிக்கலாம். வேண்டுமென்றே உடைத்தால் "மம கோப்பெ பிந்தா". 'அதின்' போய்விட்டது. உடைத்தவர் 'மம', "மம ஆவா" (நான் வந்தேன்) என்பதிலும் அதே 'மம'. எர்கேட்டிவ் மொழியில் நடப்பது வேறு. அங்கே வந்தவரும் பார்க்கப்பட்டவரும் ஒரே உருவம் பெறுவார்கள். பார்த்தவருக்குத்தான் தனி உருபு, அவர் வேண்டுமென்றே பார்த்தாலும்கூட. 'அதின்' தவறுதலாக நேர்ந்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான். கோப்பை இரண்டு வாக்கியத்திலும் மாறாமல் நிற்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. பேச்சுச் சிங்களத்தில் உயிரற்ற பொருளுக்கு 'வ' என்ற செயப்படுபொருள் உருபு சேராது.

ஆனால் உயிருள்ளவர் வந்தால் கதை சுவையாகிறது. "அம்மா லமயாவ தெக்கா": அம்மா பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை ஓடினால் வெறும் 'லமயா'. தண்ணீரில் மூழ்கினாலோ "லமயாவ கிலுணா" என்றும் சொல்லலாம்; பார்க்கப்பட்ட பிள்ளைக்குச் சேர்ந்த அதே 'வ'. எர்கேட்டிவ் முறைக்குச் சிங்களம் மிக அருகில் வரும் இடம் இதுதான். தன் விருப்பமின்றி நேரும் சில வினைகளோடு அது நின்றுவிடுகிறது.

நம்பிக்கை: தமிழில் "எனக்குப் பசிக்குது" எர்கேட்டிவ்.

உண்மை: அது நான்காம் வேற்றுமை. "எனக்கு வந்தேன்" என்று யாரும் சொல்வதில்லை. "எனக்கு உன்னைப் பார்த்தேன்" என்றும் சொல்வதில்லை.

நம்பிக்கை: எர்கேட்டிவ் வாக்கியம் நம் செயப்பாட்டு வினைதான், 'அம்மாவால் பார்க்கப்பட்டார்' போல.

உண்மை: வட குயின்ஸ்லாந்தின் டிர்பல் மொழியைப் பாருங்கள். "ஙுமா பனகஞு" என்றால் அப்பா திரும்பி வந்தார். "ஙுமா யபுங்கு புரன்" என்றால் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா இரண்டிலும் ஙுமா. அம்மாவுக்கு மட்டும் 'ங்கு' சேர்கிறது. புரன் சாதாரண வினை. நம் 'படு' போல எதுவும் அதில் ஒட்டவில்லை. இந்த வாக்கியங்களைக் கோத்தால் "ஙுமா பனகஞு, யபுங்கு புரன்": அப்பா வந்தார், அம்மா பார்த்தாள். யாரை? சொல்லாமலே அப்பாவைத்தான். தமிழில் "அப்பா வந்து பார்த்தார்" என்றால் பார்த்தவர் அப்பாவாகிவிடுவார். டிர்பலில் விடுபடுவது பார்க்கப்பட்டவர்.

இந்த டிர்பல்கூட முழுக்க எர்கேட்டிவ் இல்லை. 'நான்', 'நீ' என்ற சொற்கள் வந்தால் உருபு சேரும் விதம் மட்டும் தமிழ் போலவே ஆகிவிடுகிறது. இந்தியும் அப்படிப் பாதிதான்: "லட்கே நே ரோட்டி காயி" என்று முடிந்த செயலுக்கு 'நே' வரும், "லட்கா ரோட்டி காதா ஹை" என்றால் வராது.