‘படம்: இணையம்’

பழவேற்காடு ஏரியில் நான் எடுத்த பூநாரைப் படம் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்திருந்தது. மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, ‘படம்: இணையம்’ என்று போட்டிருந்தார்கள். இணையம் எந்த ஏரிச் சேற்றில் இறங்கி நின்றதோ!

முதலில் பதிவை அதன் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். கடிதம் போனதும் பதிவு மறைந்துவிடலாம். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையும் தேடி எடுத்தேன். வெட்டப்படாத முழுப் படம் நம்மிடம் இருப்பதே நல்ல சான்று.

கமெண்ட்டில் கேட்கவில்லை. அங்கே கேட்டால் நாலு பேர் சேர்ந்து திட்டுவார்கள், அட்மின் நம்மை பிளாக் செய்துவிடுவார். இன்பாக்ஸில் இப்படி எழுதினேன்:

“வணக்கம். உங்கள் பக்கத்தில் வெளியாகியிருக்கும் பழவேற்காட்டுப் பூநாரைப் படம் நான் எடுத்தது. மூலப் படத்தை இணைத்திருக்கிறேன். என் பெயர் விடுபட்டிருக்கிறது. பதிவின் எழுத்துப் பகுதியில், முதல் வரியிலேயே, கீழே உள்ளபடி சேர்த்துவிட்டால் இந்தப் பதிவில் மட்டும் படம் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சேர்க்க இயலாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் படத்தை நீக்கிவிடுங்கள். நன்றி.”

அதன் கீழே, அப்படியே எடுத்து ஒட்டும்படி என் பெயர் வரியைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். இல்லாவிட்டால் கமெண்ட்டில் எங்கோ ஒரு மூலையில் டேக் செய்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ‘இந்தப் பதிவில் மட்டும்’ என்பதை விடக்கூடாது. அது இல்லையென்றால் நாளை அதே படம் அவர்களுடைய விளம்பர நோட்டீஸிலும் வந்து நிற்கும். கட்டணம் கேட்கும் எண்ணம் இருப்பவர்கள் இந்தக் கடிதத்தை அனுப்பக்கூடாது. இது இலவச அனுமதி.

“கூகுள்ல கிடைச்சதுங்க, எடுத்தா லைக்கெல்லாம் போயிடும்” என்று அட்மினிடமிருந்து பதில் வந்தது. அவருடைய பயம் அதுதான். பதிவை எடிட் செய்து பெயரைச் சேர்த்தால் லைக்கும் ஷேரும் அப்படியே இருக்கும் என்று விளக்கினேன். கூகுள் படத்தைத் தேடித்தான் தருகிறது, உரிமையைத் தருவதில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். சட்டப் பிரிவு எதையும் காட்டவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, படைத்தவர் தன் பெயரைக் கோரும் உரிமையைச் சொல்கிறது. அதற்குப் பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது இரண்டாம் கடிதத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்த கல்யாணப் படம் என்றால் நிலைமை வேறு. தனி ஒப்பந்தம் இல்லாதபோது பதிப்புரிமை பணம் கொடுத்தவருக்கே போகும்.

பதிலே வராவிட்டால் ஃபேஸ்புக்கின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. அதில் நாம் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகக்கூடும் என்பதால், அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்திருப்பது நல்லது. எனக்கு அந்தப் படிவம் தேவைப்படவில்லை. வியாழக்கிழமை மாலை பெயர் ஏறியது, இன்ஷியலை மட்டும் தப்பாகப் போட்டு.