பணி ஒப்பந்தமும் தொழில் தடையும்: எல்லைக்கோடு எங்கே?

நியமன ஆணைகளிலும் பணி ஒப்பந்தங்களிலும் ஒரு நிபந்தனை அடிக்கடி இடம்பெறுகிறது. ஊழியர் விலகிய பின் ஓராண்டோ ஈராண்டோ போட்டி நிறுவனம் எதிலும் சேரக் கூடாது. அதே தொழிலைத் தாமே நடத்தவும் கூடாது என்பதே அது. கையொப்பமிட்டவர் இதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்று நிர்வாகம் எண்ணுகிறது. ஊழியரும் அவ்வாறே அஞ்சுகிறார். சட்டத்தின் நிலை வேறு.

சட்டபூர்வமான தொழிலையோ வாணிபத்தையோ ஒருவர் மேற்கொள்ளாதவாறு தடுக்கும் உடன்பாடு, அத்தடையின் அளவுக்குச் செல்லாது என 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு கூறுகிறது. தொழிலை அதன் நற்பெயருடன் விற்றவர், வாங்கியவருக்குப் போட்டியாகக் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலை நடத்துவதில்லை என ஒப்புக்கொள்வது ஒன்றே அப்பிரிவு தரும் விதிவிலக்கு. இங்கிலாந்தில் தடை நியாயமானதா என்று நீதிமன்றங்கள் ஆராய்கின்றன. ஊழியரைப் பொறுத்தவரை 27 ஆம் பிரிவில் அத்தகைய அளவுகோல் இல்லை. எனவே ஆங்கிலேய ஒப்பந்தங்களைப் பார்த்து எழுதப்படும் வாசகங்கள் இங்கே பலனற்றுப் போவதுண்டு.

ஆயினும் சில தடைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றியுள்ளன. அதற்கு 1967 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவன வழக்கு சிறந்த உதாரணம். கல்யாணில் டயர்களுக்கான நூலிழை தயாரித்த அந்நிறுவனம், வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து தொழில்நுட்பத்தைப் பெற்றிருந்தது. அதன் இரகசியத்தைக் காப்பதாகவும் உறுதியளித்திருந்தது. அங்கு ஷிப்டு மேற்பார்வையாளர் ஒருவர் 1963 மார்ச் முதல் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பணியமர்த்தப்பட்டுப் பயிற்சியும் பெற்றார். காலக்கெடுவுக்கு முன் விலகினால், எஞ்சிய காலத்தில் இதே தொழில் செய்யும் எவரிடமும் பணிபுரியக் கூடாது என்பது நிபந்தனை. 1964 இறுதியில் அவர் விலகி, கூடுதல் ஊதியத்தில் கோட்டா நகரிலுள்ள போட்டி ஆலையில் சேர்ந்தார்.

அவருக்கு எதிரான தடையுத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒப்பந்தக் காலத்திற்குள் ஒரே முதலாளியிடம் பணிபுரிய ஒப்புக்கொள்வது பொதுவாகத் தொழில் தடை ஆகாது என்பது அதன் முடிவு. தடை, அதே நூலிழைத் தயாரிப்பில் அதே வகைப் பணிக்கு மட்டுமே உரியது. 1968 மார்ச்சுடன் முடிவது. ஆகவே அவர் பிழைப்பின்றி இருக்கவோ, பழைய நிறுவனத்துக்கே திரும்பவோ கட்டாயப்படுத்தப்படவில்லை. இங்குக் கவனிக்கத்தக்கது, எல்லைக்கோடு ஊழியர் விலகிய நாள் அன்று. ஒப்பந்தக் காலம் முடியும் நாளே என்பதாகும்.

அந்நாளுக்கு அப்பால் செல்லும் தடையின் கதி என்ன? சரக்குகளைச் சோதித்து மதிப்பிடும் நிறுவனம் ஒன்றின் புதுடில்லிக் கிளை மேலாளர், 1978 இல் பணி நீக்கப்பட்ட பின் அதே தொழிலைத் தாமே தொடங்கினார். 'விலகிய' பின் ஈராண்டுகளுக்கு, கடைசியாகப் பணிபுரிந்த இடத்தில் போட்டித் தொழில் கூடாது என்ற நிபந்தனையைக் காட்டி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1980 இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 'விலகுதல்' என்பது தாமாக விலகுவதையே குறிக்கும், நீக்கப்படுவதையன்று என இரு நீதிபதிகள் கூறி அத்துடன் நிறுத்திக்கொண்டனர். மூன்றாமவரான நீதிபதி ஏ.பி. சென், தடை பகுதியளவே ஆயினும் 27 ஆம் பிரிவின்படி செல்லாது என்றும் விளக்கினார். ஒப்பந்தம் முடிந்த பின்னர்த் தொடரும் தடை செல்லாது, அது நியாயமானதா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை என 2006 இல் விளையாட்டு வீரர் ஒருவரின் வணிக ஒப்பந்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது.

பணிப்பிணை என்பது இதனின்றும் வேறானது. பொதுத்துறை வங்கியொன்றில் மூன்றாண்டுக்குள் விலகும் அலுவலர் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை 2025 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவர் வேறிடத்தில் பணிபுரிவதை அது தடுக்கவில்லை. முன்கூட்டி விலகுவதற்கு ஈடு கேட்டது. பொதுத்துறையில் வெளிப்படையான போட்டித் தேர்வு வழியாகவே மீண்டும் ஆள் எடுக்க வேண்டியிருப்பதால், அத்தொகை மிகையன்று எனவும் கருதப்பட்டது.

எனவே இத்தகைய நிபந்தனையை ஆராய்வோர் மூன்றினைக் காணவேண்டும். தடை ஒப்பந்தக் காலத்துக்குள் அடங்குகிறதா? அடங்குமாயின், ஊழியர் கற்ற தொழில் முழுவதையும் அடைக்கிறதா, ஒரு குறிப்பிட்ட பணியை மட்டுமா? கேட்கப்படுவது தடையா, ஈட்டுத்தொகையா? தொழில் இரகசியத்தை வெளியிடாதிருக்கும் கடமை விலகிய பின்னும் தொடரலாம். ஆனால் பணியில் அடைந்த திறமையும் அனுபவமும் ஊழியருக்கே உரியவை. காலம் முடிந்தபின் அவற்றைக் கொண்டு அவர் பிழைப்பதை முதலாளி தடுக்க இயலாது.