ஒரு லீற்றர் பாலும் பனீரின் ஐந்தொகையும்



எங்கள் வீட்டில் மாமிக்கு வயது 78. பிறப்பிலிருந்தே சைவ உணவு. சீனி வருத்தமும் உண்டு. சென்ற மாரியில் அவர் மெலிந்து போனதால், ஒவ்வொரு நாளும் எவ்வளவு புரதம் சாப்பிடுகிறார் என்று ஒரு கொப்பியில் எழுதி வரும்படி உணவு ஆலோசகர் சொன்னார். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் அந்தக் கொப்பி என்னிடம் வந்து சேர்ந்தது.

மனைவி ஒரு லீற்றர் பாலைத் திரைய வைத்து வீட்டிலேயே பனீர் செய்வார். அதை நிறுத்துப் பார்த்தேன்; 220 கிராம் இருந்தது. கடையில் வாங்கிய பனீர்ப் பொதியில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதம் என்று போட்டிருந்தது. ஆகவே 44 கிராம் என்று எழுதிவிட்டேன். இரண்டு கிழமை கழித்துத்தான் பால் போத்தலின் லேபிளை வாசித்தேன். அந்த ஒரு லீற்றர் பாலிலேயே இருந்தது 34 கிராம் புரதம்தான். 34 வைப்புச் செய்த இடத்தில் 44 எடுக்க முடியாது. கணக்கில் எங்கே பிழைத்தேன் என்பதே இக்கட்டுரை.

முதலில் வரவைப் பார்ப்போம். இங்கிலாந்தில் நீல மூடியுடன் விற்கும் முழுக்கொழுப்புப் பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 3.4 கிராம் புரதமும், 3.6 கிராம் கொழுப்பும், 4.7 கிராம் பாற்சீனியும் உண்டு. லீற்றருக்கு இவை 34, 36, 47 கிராம் ஆகும். புரதத்துக்கும் சீனிக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று பெருக்கிக் கூட்டினால் 648 கலோரி வரும்.

பால் திரையும்போது இந்த வரவு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு துணியில் கட்டியாகத் தங்குகிறது. மற்றது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் வடிந்து போகிறது. அதை இங்கே வடிநீர் என்று சொல்கிறேன்.

பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன் என்ற வகை. புளி பட்டவுடன் அது கட்டியாகிவிடும். மீதி ஒரு பங்கு புளிக்கு மசியாது. தண்ணீரோடேயே போகப் பார்க்கும். ஆனால் பாலை நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்தப் புரதத்திலும் பெரும் பகுதி சூட்டில் உருமாறிக் கேசீனுடன் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கொதித்த பாலில் செய்யும் பனீரில் இழப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இளஞ்சூட்டுப் பாலில் செய்யும் சீஸ் வகைகளில் அந்த ஐந்தில் ஒரு பங்கு பெரும்பாலும் வடிந்தே போய்விடும்.

வடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே புரதம் இருக்கும். ஒரு லீற்றர் பாலில் 800 மில்லிலீற்றருக்கு மேல் வடிகிறது. ஆகவே இழப்பை 4 கிராம் என்று வைத்துக்கொண்டேன். கொழுப்பிலும் ஏறக்குறைய 4 கிராம் போகும். பாற்சீனியோ தண்ணீரில் கரைந்திருப்பது. பனீருக்குள் தங்கும் ஈரத்தோடு 5 கிராம் வரை நிற்கும், மற்றதெல்லாம் போய்விடும். இப்போது ஐந்தொகை இப்படி வருகிறது:

பனீரில்: புரதம் 30, கொழுப்பு 32, பாற்சீனி 5 கிராம். மொத்தம் 428 கலோரி.

வடிநீரில்: புரதம் 4, கொழுப்பு 4, பாற்சீனி 42 கிராம். மொத்தம் 220 கலோரி.

இரண்டையும் கூட்டினால் 648. கணக்கு இடிக்கவில்லை.

அப்படியானால் 220 கிராம் பனீர் என்ன? அதில் பாதிக்கு மேல் தண்ணீர். மனைவி துணியில் கட்டித் தொங்கவிட்டதோடு சரி, பாரம் வைக்கவில்லை. அடுத்த முறை பாரமான சட்டி ஒன்றை மேலே வைத்து ஒரு மணித்தியாலம் விட்டபோது 170 கிராம்தான் வந்தது. புரதம் அதே 30 கிராம்தான். ஆனால் 100 கிராமுக்குப் பார்த்தால் முந்தியதில் 14 கிராமுக்குக் கிட்ட, பிந்தியதில் 18 கிராமுக்குக் கிட்ட. கடைப் பனீர் இன்னும் இறுக்கமானது. அதன் லேபிள் எங்கள் வீட்டுப் பனீருக்குப் பொருந்தாது. ஆகவே வீட்டுப் பனீரை நிறையால் கணக்கிட வேண்டாம். எத்தனை லீற்றர் பால் என்று எழுதி, எத்தனை பங்காகப் பிரித்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு லீற்றர்ப் பனீரை நான்கு சம பங்காக வெட்டினால் ஒரு பங்கில் ஏழரைக் கிராம் புரதமும் 107 கலோரியும் உண்டு. பொரித்தால் எண்ணெயைத் தனியாக எழுத வேண்டும்.

பச்சை மூடிப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய பாதிதான். அதில் செய்தால் புரதம் அதே 30 கிராம், கலோரி 285 அளவில் வரும். பனீர் சற்று இறப்பர் போல இருக்கும், நிறையும் குறையும்.

இந்தக் கணக்கெல்லாம் பால் சரியாகத் திரைந்தால் மட்டுமே பொருந்தும். பாலை அடிப்பிடிக்காமல் துழாவிக் கொதிக்க வைத்து, சில நிமிடங்கள் மெல்லிய நெருப்பில் விடுங்கள். அடுப்பை நிறுத்தி இரண்டு நிமிடம் பொறுத்து, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப்புளியை அதேயளவு தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாக விடுங்கள். கட்டி பிரிந்து தண்ணீர் தெளிந்தவுடன் புளியை நிறுத்திவிடலாம். தண்ணீர் வெள்ளையாகப் பால்போல் இருந்தால் புரதம் இன்னும் அதற்குள் நிற்கிறது என்று அர்த்தம். அதை வடிக்காமல் மீண்டும் சூடாக்கி, இன்னொரு தேக்கரண்டி புளி விடுங்கள். துணி ஐதாக இருந்தாலும் பொடிக் கட்டிகள் ஓடிவிடும். இரண்டாக மடித்து வடியுங்கள்.

கடைசியாக ஒரு விடயம். கொப்பியைச் சரிபார்த்தபோதுதான் மாமி சொன்னார்: "தம்பி, அந்தத் தண்ணியை நான் வீணாக்கிறேல்லை. சத்தெல்லாம் அதுக்குள்ளதானே எண்டு பின்னேரத்தில குடிச்சிடுவன்."

ஐந்தொகையைத் திரும்பப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் 4 கிராம் புரதத்துக்காக அவர் 42 கிராம் பாற்சீனி குடித்திருக்கிறார். அவருடைய இரவுச் சீனி அளவுகள் ஏறியிருந்ததற்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொப்பியில் அந்தப் பதிவு இருக்கவே இல்லை. நான் அதையும் சேர்த்து எழுதி ஆலோசகரிடம் காட்டினேன். இப்போது வடிநீர் ரொட்டிக்கு மாக் குழைக்கப் போகிறது. அந்த ரொட்டியைச் சாப்பிடுவது பிள்ளைகள். மாமிக்குப் பனீரில் ஒரு பங்கு கூட்டி வைக்கிறோம்.

"தண்ணியை எடுத்துப்போட்டு கட்டியைக் கூட்டித் தாறியள், நட்டமில்லை" என்றார் மாமி. கணக்காளன் நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.