ஓரிலக்கத்தின்பின் எவ்விலக்கம்?

நீண்டதோர் இலக்கத் தொடரில் ஒவ்வோர் இலக்கமும் எத்தனை முறை வருகின்றதென எண்ணுதல் எளிது. எவ்விலக்கத்தை எவ்விலக்கம் எத்தனை முறை தொடர்கின்றதென எண்ணினாலோ, முன்னைய எண்ணிக்கையில் மறைந்திருந்த இயல்புகள் புலப்படும். முதன்மையெண்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

5இற்கு மேற்பட்ட முதன்மையெண் ஒவ்வொன்றும் 1, 3, 7, 9 என்பவற்றுள் ஒன்றிலேயே முடியும். 7 முதல் 97 வரையுள்ள முதன்மையெண்களின் கடையிலக்கங்களை வரிசையாக எழுதின், பின்வரும் 22 இலக்கங்கள் கிடைக்கும்:

7 1 3 7 9 3 9 1 7 1 3 7 3 9 1 7 1 3 9 3 9 7

இத்தொடரை இவ்விரண்டாகத் துண்டித்தல் தவறு. துண்டித்தால் சோடிகளுட் பாதி தப்பிவிடும். முதற் சோடி 7, 1 ஆயின் அடுத்தது 1, 3 ஆகும். அஃதாவது, ஈற்றிலுள்ளது ஒழிந்த ஒவ்வோர் இலக்கமும் ஒரு சோடியைத் தொடக்கிவைக்கும். ஆகவே சோடிகள் 21. முன்வரும் இலக்கத்தை நிரையிலும் பின்வருவதை நிரலிலும் வைத்துக் குறிப்போம்.

| | 1 | 3 | 7 | 9 |
|---|---|---|---|---|
| 1 | 0 | 3 | 2 | 0 |
| 3 | 0 | 0 | 2 | 4 |
| 7 | 3 | 1 | 0 | 1 |
| 9 | 2 | 2 | 1 | 0 |

எண்ணியது சரியோவென அட்டவணையே காட்டும். நிரையின் கூட்டுத்தொகை அவ்விலக்கம் தொடரில் வந்த தடவைகளுக்குச் சமனாதல் வேண்டும். தொடரின் ஈற்றிலக்கத்துக்கு மட்டும் ஒன்று குறையும். நிரலிலும் அவ்வாறே; அங்கு குறைவது முதலிலக்கத்துக்கு. இங்கே 7 ஆறு முறை வருகின்றது. அதுவே முதலும் ஈறுமாதலின் அதன் நிரையும் நிரலும் ஐந்தேயாகும். வரியின் முடிவிலுள்ள இலக்கத்தை அடுத்த வரியின் முதலிலக்கத்தோடு சேர்க்க மறந்தால், இக்கூட்டுத்தொகை பிழையை உடனே வெளிப்படுத்தும்.

மூலைவிட்டத்தில் நான்கும் பூச்சியமாயிருத்தலை நோக்குக. எவ்விலக்கமும் தன்னைத் தான் தொடரவில்லை. அவ்வாறு தொடர்வதற்கு அடுத்தடுத்த இரு முதன்மையெண்களிடையே 10 அல்லது அதன் மடங்கு வேறுபாடு வேண்டும். 139, 149 என்னும் இடத்திலேயே அது முதலில் நிகழ்கின்றது. சிறிய எண்களிடையே இடைவெளி குறுகியதென்பதே காரணமெனின், பெரிய எண்களில் இக்குறை நீங்கிவிடவேண்டுமன்றோ?

2016இல் இராபேட்டு லெம்கே ஒலிவரும், சென்னையிற் பிறந்த கண்ணன் சௌந்தரராசனும் முதற் பத்துக் கோடி முதன்மையெண்களை இவ்வாறு ஆராய்ந்து வெளியிட்டனர். 1இல் முடிவன ஏறத்தாழ 2.5 கோடி. நான்கிலக்கங்களும் அவற்றைச் சமமாகத் தொடருமாயின் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 62.5 இலட்சம் முறை வரவேண்டும். ஆயின் 1ஐ 1 தொடர்ந்தது 46,23,042 முறையே. 3 தொடர்ந்ததோ 74,29,438 முறை. அவ்வெல்லையில் சராசரி இடைவெளி 20 அளவினதாயிருந்தும் குறை நீங்கவில்லை.

தனித்தனியே எண்ணின் நான்கிலக்கங்களும் ஏறக்குறையச் சமமாகவே வருவதால் இவ்வேற்றுமை அங்கே தோன்றாது. எண்கள் பெருகப் பெருக இது மிக மெதுவாகத் தேய்ந்து மறையுமென்பது அவ்விருவரின் ஊகம். ஆடி, இலிற்றில்வூட்டு என்போரின் பழைய ஊகமொன்றை அடிப்படையாகக் கொண்டு அதன் அளவையும் கணித்துள்ளனர். அட்டவணை அவ்வூகத்தோடு நன்கு பொருந்துகின்றது. எனினும் பொருந்துதல் நிறுவலாகாது. அந்நிறுவல் இன்னும் கிட்டவில்லை.