படத்தில் உள்ள தயாரிப்புத் தேதி உண்மையானதா? நீங்களே சோதிக்கலாம்

என் அக்கா, தன் எட்டு மாதக் குழந்தைக்காக ஆன்லைன் விற்பனையாளர் ஒருவரிடம் பாதி விலையில் குழந்தை உணவு வாங்க இருந்தார். விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். "தம்பி, தேதி சரியா இருக்கான்னு ஒரு தடவை பாரு" என்று அக்கா அவற்றை எனக்கு அனுப்பினார். நான் செய்த சோதனைகளை வரிசையாகத் தருகிறேன். கம்ப்யூட்டரில் ஜிம்ப், எக்ஸிஃப்டூல் ஆகிய இலவச புரோகிராம்கள் இருந்தால் போதும்.

முதல் படி: படம் பழையதா?

முதல் படம் பெட்டியின் முன்பக்கம். அதை கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடினேன். அதே படம் பல கடைத் தளங்களில் இருந்தது. இதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லக் கூடாது. நிறுவனம் தரும் விளம்பரப் படத்தை எல்லாக் கடைகளும் பயன்படுத்துவது வழக்கம். ஆனால் தேதி அச்சான பக்கத்தின் படமும் வேறு இடத்தில் கிடைத்தால், அவர் கையில் உள்ள பெட்டியை நீங்கள் பார்க்கவில்லை என்று பொருள். இரண்டாவது படம் எங்கும் கிடைக்கவில்லை.

இரண்டாம் படி: ஒரிஜினல் பைலைக் கேளுங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், கேமரா மாடல் போன்ற எக்ஸிஃப் தகவல்களும் நீங்கிவிடும். எனவே படத்தை டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். பிறகு எக்ஸிஃப்டூல் புரோகிராமில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்.

```
exiftool -DateTimeOriginal -Model -Software date.jpg
```

Software என்ற வரியில் ஒரு பெயர் இருந்தாலே படம் திருத்தப்பட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சில போன்கள் தங்கள் சிஸ்டம் பதிப்பையே அங்கே எழுதும். எனக்கு வந்த பைலில் எந்தத் தகவலும் இல்லை. இதுவும் சந்தேகம்தானே தவிர, சான்று அல்ல.

மூன்றாம் படி: எண்களை ஒப்பிடுங்கள்

பெட்டியில் PKD 18/08/25, USE BY 17/08/26 என்று இருந்தது. 12 மாதக் கணக்கு சரியாகவே வந்தது. தொழிற்சாலை இங்க்ஜெட் இயந்திரம் எண்களைச் சிறு புள்ளிகளாகத் தெளிக்கிறது. பெட்டி நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தாலும் புள்ளிகள் சிறிதாவது மாறும்.

ஜிம்ப்பில் படத்தை 400 சதவீதம் பெரிதாக்கினேன். 18-ல் உள்ள 8-ஐச் செவ்வகமாகத் தேர்வு செய்து காப்பி செய்தேன். Edit மெனுவில் Paste as, New Layer கொடுத்து, அந்த லேயரின் Mode-ஐ Difference என மாற்றினேன். பிறகு அதை 08-ன் 8 மீது நகர்த்தினேன். உண்மையான இரு எண்கள் என்றால் ஓரங்களில் வெளிச்சக் கோடுகள் தெரியும். இங்கே ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிட்டது. 8-க்கு வலப்புறம் தனியே தெறித்திருந்த ஒரு மைப்புள்ளி மூன்று 8-களிலும் அதே இடத்தில் இருந்தது. 18-ன் 8-ஐ வெட்டி மற்ற இரண்டு இடங்களில் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே முன்பு இருந்த மாதம் 08 அல்ல.

நான்காம் படி: புதிய படம்

அக்காவிடம் சொல்லி, வேறொரு படம் கேட்கச் செய்தேன். ஒரு தாளில் அன்றைய தேதியையும் நாங்கள் சொல்லும் ஒரு சொல்லையும் எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிளாஷ் கூடாது, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும்.

படம் வந்தது. இம்முறை எந்தத் திருத்தமும் இல்லை. ஆனால் தேதி இருந்த இடத்தில் சிறிய வெள்ளை ஸ்டிக்கர்! பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் ஓரத்தில் மெல்லிய நிழல் தெரிந்தது. எழுத்துக்களும் புள்ளிகளாக இல்லாமல், பில் மெஷின் அச்சைப் போல முழுக் கோடுகளாக இருந்தன.

இந்த இடத்தில் கம்ப்யூட்டர் சோதனை உதவாது. படத்தில் செய்த மாற்றத்தைத்தான் ஜிம்ப் காட்டும். பழைய தேதியை ரசாயனத்தால் அழித்து அதே வகை இயந்திரத்தில் மீண்டும் அச்சிட்டால், படமும் உண்மையாக இருக்கும், புள்ளிகளும் சரியாக இருக்கும். அப்போது அச்சைச் சுற்றி மங்கிய தேய்ப்பு, அடியில் பழைய எண்ணின் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள்.

2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, கட்டாய விவரங்களை மாற்ற ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. விலையைக் குறைக்க ஒட்டலாம்; அதுவும் பழைய விலையை மறைக்கக் கூடாது. இறக்குமதிப் பொருட்களில் இறக்குமதியாளர் விவரம் ஸ்டிக்கராக இருப்பது இயல்பு. தேதியை மூடிய ஸ்டிக்கர் அந்த வகை அல்ல.

அக்கா ஆர்டரை ரத்து செய்தார். மூன்று படங்களையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்து, Food Safety Connect ஆப் வழியாகப் புகார் கொடுத்தோம். நீங்களும் புகார் கொடுத்தால் வந்த பைலையே இணையுங்கள். ஜிம்ப்பில் சேமித்த காப்பியை மட்டும் அனுப்பினால், திருத்தியது நீங்கள்தான் என்று அவர் சொல்லிவிடலாம்.