வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாரண்ட் வருமா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். கிரெடிட் கார்டில் 48,000 ரூபாய் பாக்கி. இப்போது 96,000 கேட்டு பெங்களூரு வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. கைது செய்வார்களா?

பதில்: மாட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் கோர்ட் உத்தரவு அல்ல. கார்டு பாக்கி சிவில் விவகாரம். ஆனால் கொடுத்த செக்கோ, ஆட்டோ டெபிட்டோ பணமின்றித் திரும்பியிருந்தால் கிரிமினல் வழக்குக்கு இடமுண்டு. அப்படியானால் உடனே வக்கீலைப் பார்க்க வேண்டும். கோர்ட் சம்மனே வந்தாலும் அப்படித்தான்.

முதலில் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டு, நோட்டீஸ் அவர்கள் அனுப்பியதுதானா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு, குறிப்பிட்ட கெடுவுக்குள் டெலிவரி சான்றுடன் ஸ்பீடு போஸ்ட்டில் பதில் போடுங்கள். அசல், வட்டி, தாமதக் கட்டணம் தனித்தனியாகத் தெரியும் கணக்கு விவரத்தைக் கேளுங்கள். 48,000 எப்படி 96,000 ஆனது என்பது அதில்தான் விளங்கும்.

அந்தப் பதிலில் ஒரு வரியில் மட்டும் கவனம் தேவை. இத்தகைய பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. அதற்குள் ‘பாக்கி உண்மைதான்’ என்று கையெழுத்திட்டு எழுதினால், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். எனவே, ‘தொகையை ஏற்காமல், விவரம் கோருகிறேன்’ என்று எழுதுவதே சரி.

குறைத்துக் கட்ட வங்கி சம்மதித்தால், வங்கியின் கடிதம் கைக்கு வந்தபின் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். வசூல் ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். கணக்கிலோ வசூல் முறையிலோ குறை இருந்தால், வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்; கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம்.